ஒரு நாள் சாப்பாட்டில் மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் எத்தனை சதவீதம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

60 சதவீதம் கார்போஹைட்ரேட் என்றால் தட்டில் பாதிக்கு மேல் சோறு என்று அர்த்தமா?

இல்லை. தட்டில் சோறு அடைக்கும் இடத்துக்கும் இந்தச் சதவீதத்துக்கும் சம்பந்தமில்லை, எடைக்கும் இல்லை. அன்று முழுக்கச் சாப்பிட்டதிலிருந்து உடம்புக்குக் கிடைத்த மொத்தக் கலோரியில் மாவுச்சத்து கொடுத்தது எவ்வளவு, கொழுப்பு கொடுத்தது எவ்வளவு, புரதம் கொடுத்தது எவ்வளவு என்பதுதான் கணக்கு. தண்ணீர், நார், உப்பு எல்லாம் தட்டில் இடம் பிடிக்கும், எடையிலும் சேரும். ஆனால் தண்ணீரிலும் உப்பிலும் கலோரி கிடையாது, நாரில் மிகக் குறைவு.

இதனால் கண்ணுக்குத் தெரிவதும் கணக்கில் வருவதும் அடிக்கடி வேறாக இருக்கும். ஒரு பெரிய கிண்ணம் பூசணிக்காய்க் கூட்டு தட்டில் கால் பங்கை அடைத்துக்கொள்ளும், கலோரியில் அதன் பங்கு சொற்பம். தோசையைச் சுற்றி ஊற்றிய 2 டீஸ்பூன் எண்ணெய் தட்டில் தெரியவே தெரியாது. அது மட்டும் சுமார் 80 கலோரி. மாவுச்சத்து என்று நான் இங்கே சொல்வதில் அரிசி, கோதுமையின் மாவோடு சர்க்கரை, வெல்லம், பழத்திலும் பாலிலும் இருக்கிற இனிப்பு எல்லாமே அடக்கம்.

சதவீதம் எப்படிப் போடுவது? சூத்திரம் ஏதாவது இருக்கிறதா?

மூன்று எண்கள் தெரிந்தால் போதும். 1 கிராம் மாவுச்சத்து 4 கலோரி, 1 கிராம் புரதம் 4 கலோரி, 1 கிராம் கொழுப்பு 9 கலோரி. நாள் முழுக்கச் சாப்பிட்ட ஒவ்வொன்றின் கிராமையும் அதன் எண்ணால் பெருக்குங்கள். மூன்றையும் கூட்டினால் அன்றைய மொத்தக் கலோரி. ஒவ்வொன்றின் கலோரியையும் அந்த மொத்தத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் சதவீதம் வந்துவிடும்.

விரிதாளில் போடுகிறவர்கள் புரதம் B2, மாவுச்சத்து C2, கொழுப்பு D2 என்று கிராமில் எழுதிவிட்டு, கொழுப்பின் சதவீதத்துக்கு இப்படிக் கொடுக்கலாம்:

```
=ROUND(D2*9/(B2*4+C2*4+D2*9)*100,0)
```

மற்ற இரண்டுக்கும் தொடக்கத்தில் இருக்கும் `D2*9` என்பதை `B2*4` என்றும் `C2*4` என்றும் மாற்றினால் சரி. அடைப்புக்குள் இருக்கும் கூட்டலை மாற்ற வேண்டாம்.

அடிக்கடி நடக்கிற தவறு, கிராம்களை அப்படியே கூட்டி அதில் சதவீதம் பார்ப்பது. கொழுப்பு ஒவ்வொரு கிராமுக்கும் மற்ற இரண்டைப் போல 2 மடங்குக்கு மேல் கலோரி தருவதால், எடைக் கணக்கில் அது எப்போதும் குறைவாகவே தெரியும். கீழே போட்டிருக்கும் உதாரணத்தில் எடைப்படி கொழுப்பு 13 சதவீதம், கலோரிப்படி 25.

இந்த 4, 9, 4 எங்கிருந்து வந்தது? உண்மையில் அவ்வளவு துல்லியமா?

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. உணவை எரித்தால் எவ்வளவு வெப்பம் வருகிறது என்று அளந்து, செரிக்காமல் மலத்தில் போவதையும் சிறுநீரில் போவதையும் கழித்து, சராசரியாக உடம்புக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று அவர் கணக்கிட்டார். புரதத்தைக் கருவியில் வைத்து எரித்தால் கிராமுக்கு 5.6 கலோரிக்கு மேல் வரும். உடம்பு அதை முழுசாக எரிப்பதில்லை. நைட்ரஜன் யூரியாவாகச் சிறுநீரில் வெளியேறும்போது கொஞ்சம் ஆற்றலும் கூடவே போய்விடுகிறது. அதனால்தான் 4.

இவை கலப்பு உணவுக்கான சராசரி எண்கள். தனி உணவு ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் முன்பின் இருக்கும். வீட்டில் அளக்கும்போது வருகிற பிழை இதைவிடப் பெரியது என்பதால், இந்த எண்களைச் சந்தேகிப்பதை விடத் தராசைச் சரியாகப் பயன்படுத்துவதில் கவனம் வைப்பது பலன் தரும்.

ஒரு நாள் சாப்பாட்டை முழுசாகப் போட்டுக் காட்ட முடியுமா?

தமிழ்நாட்டு வீடுகளில் சாதாரணமாக நடக்கிற ஒரு சைவ நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் 4 இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, சாம்பார், பொரியல், தயிர். இரவு 3 தோசை, தக்காளிச் சட்னி. நடுவில் இரண்டு காபி, ஒரு வாழைப்பழம். சாப்பிடுகிறவர் 55 கிலோ எடையுள்ள பெண் என்று வைத்துக்கொள்வோம்.

இட்லி, தோசை என்று எழுதாமல் அவற்றுக்குள் போன பொருளாகப் பிரித்துவிட்டால் வேலை எளிது. இட்லிக்கும் தோசைக்கும் சேர்த்து அரிசி 160 கிராம், உளுந்து 40 கிராம். மதியச் சோற்றுக்கு அரிசி 150 கிராம், சாம்பாருக்குத் துவரம்பருப்பு 30 கிராம். காபிக்கும் தயிருக்கும் சேர்த்து 3 சதவீதக் கொழுப்புள்ள பால் 400 மில்லி. கீழே இருப்பவை எல்லாம் கிராமில், அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றியவை.

| பொருள் | புரதம் | கொழுப்பு | மாவுச்சத்து |
|---|---|---|---|
| அரிசி 310 | 24 | 2 | 242 |
| உளுந்து 40, துவரம்பருப்பு 30 | 16 | 1 | 37 |
| பால், தயிர் 400 | 13 | 12 | 19 |
| தேங்காய் 40 | 2 | 16 | 3 |
| எண்ணெய் 30 | 0 | 30 | 0 |
| சர்க்கரை 20 | 0 | 0 | 20 |
| காய்கறி, வெங்காயம், தக்காளி 250 | 4 | 1 | 12 |
| வாழைப்பழம் 100 | 1 | 0 | 24 |
| மொத்தம் | 60 | 62 | 357 |

இனிப் பெருக்கல்தான். புரதம் 60 × 4 = 240 கலோரி. கொழுப்பு 62 × 9 = 558. மாவுச்சத்து 357 × 4 = 1428. மொத்தம் 2226 கலோரி. வகுத்துப் பார்த்தால் மாவுச்சத்து 64 சதவீதம், கொழுப்பு 25, புரதம் 11.

இந்த அட்டவணையைச் சற்று நின்று பாருங்கள். 60 கிராம் புரதத்தில் 24 கிராம் அரிசியிலிருந்து வந்திருக்கிறது, பருப்பு வகைகளிலிருந்து வந்தது 16 மட்டுமே. அரிசியில் புரதம் கிடையாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நூற்றுக்கு 8 கிராம்கூட இல்லைதான், ஆனால் நாம் சாப்பிடுகிற அளவு அதிகம் என்பதால் அதுவே பெரிய பங்காகிவிடுகிறது. கொழுப்பிலோ எண்ணெயும் தேங்காயும் மட்டும் 46 கிராம். இந்தச் சாப்பாட்டில் எதைக் கூட்டிக் குறைத்தால் எந்தச் சதவீதம் அசையும் என்பது இந்த இரண்டு விஷயத்திலேயே தெரிந்துவிடும்.

சோற்றை அளப்பதா, அரிசியை அளப்பதா?

சமைக்காத அரிசியை அளங்கள். வெந்த சோற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது அரிசி ரகம், பழைய அரிசியா புதுசா, குக்கரா வடித்ததா என்பதைப் பொறுத்து மாறும். 100 கிராம் அரிசி வெந்தால் சுமார் இரண்டரை முதல் 3 மடங்கு எடைக்கு வரும். உணவு அட்டவணைகளிலும் பெரும்பாலும் சமைக்காத தானியத்துக்கான எண்தான் இருக்கும்.

இந்த இடத்தில் கணக்கு குப்புற விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தட்டில் இருந்த 400 கிராம் சோற்றை எடை போட்டு, அரிசிக்கான எண்ணை வைத்துப் பெருக்கினால் 312 கிராம் மாவுச்சத்து வரும். உண்மையில் அந்தச் சோற்றில் இருப்பது 110, 120 கிராம் அளவுதான். ஒரே வேளைச் சாப்பாட்டில் மாவுச்சத்து 300-ஐத் தாண்டியதாக வந்தால் முதலில் இந்தத் தவறு நடந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் வடிப்பதால் தனியாள் பங்கு தெரியாதே என்பார்கள். மொத்தம் எவ்வளவு அரிசி போட்டோம், வெந்தபின் மொத்தச் சோறு எவ்வளவு எடை, அதில் என் தட்டுக்கு வந்தது எவ்வளவு என்று பாருங்கள். 500 கிராம் அரிசி 1400 கிராம் சோறாகி, அதில் 420 கிராம் உங்களுக்கு வந்தால், உங்கள் பங்கு 150 கிராம் அரிசி. சாம்பாருக்கும் இதே வழிதான்.

எண்ணெயை எப்படி அளப்பது? தாளிக்கக் கொஞ்சம்தானே விடுகிறோம்?

அந்தக் கொஞ்சத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று முதலில் காட்டுகிறேன். மேலே போட்ட அதே நாளில் 30 கிராம் எண்ணெயை மட்டும் எழுத மறந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு 32 கிராம், 288 கலோரி. மொத்தம் 1956 கலோரியாகிவிடும். இப்போது சதவீதம் மாவுச்சத்து 73, கொழுப்பு 15, புரதம் 12.

அரிசியில் ஒரு பருக்கைகூட மாறவில்லை, ஆனாலும் மாவுச்சத்து 64-லிருந்து 73-க்குப் போய்விட்டது. மொத்தத்தை வைத்து வகுப்பதால், ஒன்றைக் குறைத்து எழுதினால் மற்ற இரண்டும் தானாக ஏறும். உங்கள் கணக்கில் மாவுச்சத்து 70-க்கு மேல் வந்தால், சோற்றைக் குறை சொல்வதற்கு முன் எண்ணெய், நெய், தேங்காய் மூன்றையும் எழுதினீர்களா என்று பாருங்கள்.

அளப்பதற்கு எளிய வழி மாதக் கணக்கு. 1 லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். பெரியவர்கள் 4 பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் தீர்ந்தால் 3640 கிராம், அதை 30 நாளுக்கும் 4 பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி என்று எது வாங்கினாலும் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெய் தனி. பொரித்து மீந்து கொட்டிய எண்ணெயைக் கழித்துவிடலாம், தீபத்துக்குப் போனதையும். வெளியில் வாங்கிச் சாப்பிடுகிற வடை, பரோட்டா, பிரியாணியின் எண்ணெய் இதில் வராது, அந்த நாட்களில் கொழுப்பு இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

எத்தனை சதவீதம் இருக்க வேண்டும்? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

நோய்த் தடுப்புக்காக 2003-ல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் மாவுச்சத்து 55 முதல் 75, கொழுப்பு 15 முதல் 30, புரதம் 10 முதல் 15. அமெரிக்காவில் பெரியவர்களுக்குச் சொல்லப்படுவது மாவுச்சத்து 45 முதல் 65, கொழுப்பு 20 முதல் 35, புரதம் 10 முதல் 35. இரண்டுமே அகலமான வரம்புகள், ஒன்றோடொன்று நன்றாக மேற்பொருந்துகின்றன. நம் உதாரண நாளின் 64, 25, 11 இரண்டுக்குள்ளும் அடங்குகிறது. 64.5 வந்துவிட்டதே, 65-ஐத் தொட்டுவிடுமோ என்று ஒவ்வொரு புள்ளிக்கும் கவலைப்படுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டு அளவையில் 2, 3 புள்ளி எப்போதும் ஆடும்.

இந்தியாவுக்கு ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு 45 சதவீதம் வருகிறது. பலர் அதைக் கார்போஹைட்ரேட் 45 என்று படித்துவிடுகிறார்கள். அங்கே சொல்லியிருப்பது தானியங்களிலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று. தானியம் வேறு, மாவுச்சத்து வேறு. பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்ந்து 14, 15 சதவீதக் கலோரி தர வேண்டும், கொழுப்பு மொத்தமாக 30-க்குள் இருக்க வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதல்.

நம் உதாரணத்தில் தானியம் என்றால் 310 கிராம் அரிசி மட்டும்தான். அதன் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து மூன்றின் கலோரியையும் கூட்டினால் 1082. 2226-ல் அது 49 சதவீதம். மாவுச்சத்து 64 சதவீதமாக இருக்கும் அதே நாளில் தானியத்தின் பங்கு 49. இந்த இரண்டு எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பயந்துவிட வேண்டாம். 45-க்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது, அவ்வளவுதான்.

கார்போஹைட்ரேட்டை 64-லிருந்து 55 பக்கம் கொண்டுவர என்ன செய்ய வேண்டும்?

அதே நாளை எடுத்துக்கொண்டு மாற்றிப் பார்ப்போம். அரிசியில் 100 கிராம் குறைக்கிறோம், அதாவது மதியம் மூன்றில் ஒரு பங்கும் இரவில் பாதியும். அதனால் மாவுச்சத்து 78, புரதம் 8, கொழுப்பு 1 கிராம் போய்விடும். பதிலுக்கு 2 முட்டை சேர்த்தால் புரதம் 13, கொழுப்பு 9. மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் புரதம் 8, கொழுப்பு 2, மாவுச்சத்து 16. எண்ணெயை 30-லிருந்து 25 கிராமாக்குவோம்.

இப்போது புரதம் 73, கொழுப்பு 67, மாவுச்சத்து 295. கலோரி முறையே 292, 603, 1180. மொத்தம் 2075. சதவீதம் மாவுச்சத்து 57, கொழுப்பு 29, புரதம் 14. தானியத்தின் பங்கு 35-க்கு இறங்கிவிட்டது.

கவனித்தால், இவ்வளவு மாற்றியும் புரதம் 3 புள்ளிதான் ஏறியிருக்கிறது. புரதச் சதவீதம் அப்படித்தான், மெதுவாக நகரும். 2000 கலோரியில் புரதம் 20 சதவீதம் வேண்டுமென்றால் 100 கிராம் புரதம் சாப்பிட வேண்டும். நம் வழக்கமான சமையலில் அது பெரிய அளவு. மாவுச்சத்தைக் குறைத்த இடத்தைப் புரதம் நிரப்பாவிட்டால் கொழுப்பு நிரப்பிக்கொள்ளும், ஏனென்றால் மூன்றும் சேர்ந்து 100 ஆகியே தீர வேண்டும். எண்ணெயை 5 கிராம் குறைக்காமல் விட்டிருந்தால் இந்த உதாரணத்திலேயே கொழுப்பு 30-ஐத் தாண்டியிருக்கும்.

முட்டை சாப்பிடாதவர்கள் அந்த 13 கிராம் புரதத்துக்கு மீல் மேக்கர் 25 கிராம் போடலாம். அதில் பாதிக்கு மேல் புரதம், கொழுப்பு மிகக் குறைவு. பனீரில் புரதத்தோடு கொழுப்பும் வருவதால் எண்ணெயை இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும்.

புரதம் 11 சதவீதம் வருகிறது. வரம்புக்குள் இருக்கிறதே, அப்போது போதும்தானே?

சதவீதத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மொத்தக் கலோரி எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

நம் உதாரணத்தில் 2226 கலோரிக்கு 11 சதவீதம் என்பது 60 கிராம். இந்தியப் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவது உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், 55 கிலோவுக்கு 46 கிராம். ஆகவே இவருக்குப் போதும். அதே வீட்டில் அவருடைய அம்மாவும் அதே சமையலைத்தான் சாப்பிடுகிறார். வயது 72, எடை அதே 55 கிலோ, பல் சரியில்லை, பசியும் குறைவு. எல்லாவற்றிலும் பாதிதான் சாப்பிடுகிறார். சதவீதம் அதே 64, 25, 11 வரும். புரதமோ 30 கிராம். சதவீதம் அழகாக இருக்க, தேவையில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கிறது.

குறைவாகச் சாப்பிடுகிற முதியவர்களுக்கும், எடை குறைக்க உணவைப் பாதியாக்கியவர்களுக்கும் இந்த ஆபத்து உண்மையாகவே இருக்கிறது. ஆகவே என் பழக்கம் புரதத்தை முதலில் கிராமில் பார்ப்பது, அது சரியென்றால் பிறகு சதவீதம். வயலிலோ கட்டுமானத்திலோ வேலை செய்து 3000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 10 சதவீதமே 75 கிராம் ஆகிவிடும். அவருக்குச் சதவீதம் குறைவு என்று சொல்லிப் புரதப் பொடி வாங்க வைப்பது வீண்.

பாக்கெட்டில் கொழுப்பு 30 சதவீதம் என்று போட்டிருந்தால் அந்தக் கலோரியில் 30 சதவீதமா?

பாக்கெட்டின் பின்புறம் இருக்கும் சதவீதம் வேறு கேள்விக்கான பதில். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வைத்திருக்கும் அளவில், இந்த ஒரு பரிமாறல் எத்தனை பங்கு என்று அது சொல்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியில் அந்த நாள் அளவு 2000 கலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், நிறை கொழுப்பு 22 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம். இந்த எண்களே நம் சதவீதக் கணக்கிலிருந்து வந்தவைதான். 67 × 9 = 603, அது 2000-ல் 30 சதவீதம். 50 × 4 = 200, அது 10 சதவீதம். 22 × 9 = 198, அதுவும் ஏறக்குறைய 10.

கலோரியில் கொழுப்பின் பங்கு வேண்டுமென்றால் கிராமை எடுத்து நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். 100 கிராம் பிஸ்கட்டில் புரதம் 7, மாவுச்சத்து 70, கொழுப்பு 20 என்று எழுதியிருந்தால் 28, 280, 180 கலோரி, மொத்தம் 488. கொழுப்பின் பங்கு 37 சதவீதம். பார்வைக்கு மாவுப் பண்டம்தான், கலோரியில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கொழுப்பு.

செயலியில் போட்டால் மூன்றும் சேர்ந்து 100 வருவதில்லை. ஏன்?

99 அல்லது 101 வந்தால் முழு எண்ணாக மாற்றியதால் வருவது, விட்டுவிடுங்கள். அதற்கு மேல் தள்ளிப்போனால் பெரும்பாலும் நார்ச்சத்துதான் காரணம். பழைய உணவு அட்டவணைகளில் மாவுச்சத்தை நேரடியாக அளக்கவில்லை. தண்ணீர், புரதம், கொழுப்பு, எரித்தபின் மிஞ்சும் சாம்பல் எல்லாம் கழித்து மிஞ்சியதை மாவுச்சத்து என்று வைத்தார்கள். அதில் நாரில் பெரும்பகுதி உள்ளே மாட்டிக்கொண்டது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் நார் தனியாக இருக்கிறது. அதனால் கொண்டைக்கடலைக்குப் பழையதில் 100 கிராமுக்கு 61 கிராம் மாவுச்சத்து, புதியதில் 40. கடலை அதேதான். இந்தப் பக்கத்தின் கணக்கில் நாரைத் தனியாக ஒதுக்கிய எண்களையே வைத்திருக்கிறேன். நாருக்குக் கிராமுக்கு சுமார் 2 கலோரி கொடுப்பது வழக்கம். நாளுக்கு 30 கிராம் நார் என்றால் 60 கலோரி, அதை மூன்றில் எதிலும் சேர்க்காமல் மொத்தத்தில் மட்டும் சேர்க்கும் செயலிகளில் கூட்டல் 97-லேயே நின்றுவிடும்.

ஒரே நாளுக்கு இரண்டு அட்டவணைகளைக் கலந்து எடுக்காதீர்கள். செயலிகளில் பயனாளர்களே ஏற்றிய பதிவுகளும் கிடக்கும். ஒரு பதிவை நம்பலாமா என்று பார்க்க, அதன் கிராம்களை 4, 9, 4-ஆல் பெருக்கி அங்கே போட்டிருக்கும் கலோரியோடு ஒப்பிடுங்கள். நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு பதிவைத் தேடுவது நல்லது.

மது குடிப்பவர்களுக்கு நான்காவது பங்கு ஒன்று உண்டு. ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி. 42.8 சதவீதம் ஆல்கஹால் உள்ள பிராந்தி 60 மில்லியில் சுமார் 20 கிராம், அதாவது 140 கலோரி. அதை மாவுச்சத்தில் சேர்க்கக் கூடாது, தனியாக எழுத வேண்டும்.

ஒரு நாள் கணக்குப் போட்டால் போதுமா?

போதாது. ஞாயிற்றுக்கிழமையும் வார நாளும் ஒன்றாக இருப்பதில்லை, விரத நாள் இன்னும் வேறு. வார நாள் இரண்டும் விடுமுறை நாள் ஒன்றுமாக 3 நாள் எழுதினால் ஓரளவு தெளிவாகத் தெரியும். சராசரி எடுக்கும்போது ஒவ்வொரு நாளின் சதவீதத்தையும் கூட்டி வகுக்காமல், எல்லா நாட்களின் கிராம்களையும் கூட்டிவிட்டு ஒரே தடவை சதவீதம் போடுங்கள்.

ஏனென்று ஒரு சின்னக் கணக்கில் தெரியும். விரத நாளில் 1000 கலோரி, அதில் கொழுப்பு 15 சதவீதம், 150 கலோரி. மறுநாள் கல்யாண விருந்து, 3000 கலோரி, கொழுப்பு 35 சதவீதம், 1050 கலோரி. 15-க்கும் 35-க்கும் சராசரி 25. ஆனால் இரண்டு நாளில் சாப்பிட்ட 4000 கலோரியில் கொழுப்பு 1200, அதாவது 30 சதவீதம்.

எனக்குச் சர்க்கரை நோய். 50 சதவீதத்துக்குக் குறைத்தால் குணமாகும் என்று படித்தேன், செய்யலாமா?

நீங்கள் படித்தது அநேகமாக 2022-ல் வந்த ஆய்வாக இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, நாடு முழுக்க 18,090 பேரின் உணவை வைத்துப் போட்ட கணக்கு அது. புதிதாகச் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு மாவுச்சத்து 49 முதல் 54, புரதம் 19 முதல் 20, கொழுப்பு 21 முதல் 26 என்ற பங்கு நோய் தணிவதற்கு உதவும் என்று அதில் வந்தது. மக்கள் சாப்பிடுவதையும் அவர்களுடைய சர்க்கரை அளவையும் வைத்துக் கணித மாதிரியில் வந்த முடிவு இது. ஆட்களுக்கு அந்த உணவையே கொடுத்துச் சோதித்துப் பார்த்ததல்ல. திசை காட்டுகிறது என்ற அளவில் நான் மதிக்கிறேன், குணமாகும் என்ற உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கிராமில் மாற்றிப் பார்த்தால் என்ன மாற வேண்டும் என்று புரியும். 1800 கலோரியில் 52 சதவீதம் என்றால் மாவுச்சத்து 234 கிராம். நம் உதாரண நாளில் அரிசி மட்டுமே 242. புரதம் 20 சதவீதம் என்றால் 90 கிராம்.

இரண்டு பேர் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் ஒருவகை. இவர்களுடைய மருந்தளவு இப்போது சாப்பிடுகிற சோற்றுக்கு ஏற்றபடி இருக்கும். மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு அரிசியைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிட வேண்டும். மருந்தைக் குறைப்பது பற்றி மருத்துவரிடம் முதலில் பேசிவிட்டுத்தான் சோற்றில் கைவைக்க வேண்டும். இன்னொருவகை, சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள். டயாலிசிஸ் செய்யாத நிலையில் அவர்களுக்கு வழக்கமாகச் சொல்வது கிலோவுக்கு 0.8 கிராம் புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம், மேலே வந்த 90-ல் பாதி அளவுதான். அதனால் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் இரண்டு பரிசோதனை முடிவும் கையில் இருந்தால்தான் புரதத்தின் சதவீதத்தைத் தீர்மானிக்க முடியும்.